சிங்க் அடைப்பு: எதை ஊற்றலாம் என்பதற்கு முன், எங்கே அடைத்திருக்கிறது என்று பாருங்கள்

கேள்வி: சமையலறை சிங்கில் இரண்டு வாரமாகத் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்குகிறது. நேற்றிலிருந்து பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் பாதி சிங்க் நிரம்பி நிற்கிறது. சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றினேன், நன்றாக நுரைத்தது, ஆனால் ஒன்றும் மாறவில்லை. காஸ்டிக் பவுடர் போடப் பயமாக இருக்கிறது. அது இல்லாமல் நானே சரிசெய்ய முடியுமா?

முடியும். சமையலறை சிங்க் அடைப்பில் பெரும்பாலானவை சிங்குக்கு அடியில் வளைவாகவோ குப்பி வடிவிலோ இருக்கும் டிராப்பிலோ, அதைத் தாண்டிய ஓரிரு மீட்டர் குழாயிலோதான் இருக்கும். இரண்டுமே கைக்கு எட்டும் தூரம். ஒரு வாளி, அடைப்பை அழுத்தி இழுக்க ரப்பர் கிண்ணம் வைத்த பிளஞ்சர் ஒன்று, பழைய பாட்டில் பிரஷ் ஒன்று, தேவைப்பட்டால் வடிகாலுக்கான ஸ்பிரிங் கம்பி, இவ்வளவு இருந்தால் போதும்.

முதலில், சோடாவும் வினிகரும் ஏன் கைகொடுக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அளவு குறைந்துவிட்டதோ என்று இன்னொரு முறை ஊற்றத் தோன்றும். சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கரைந்த தண்ணீரும் கரியமில வாயுவும்தான். அந்த வாயுதான் நீங்கள் பார்த்த நுரை. மேலே சிங்கின் வாய் திறந்திருப்பதால் நுரை சுலபமான வழியாக மேலே வந்துவிடும், அடைப்பைத் தள்ளுகிற அழுத்தம் உண்டாகாது. சமையலறைக் குழாயை அடைப்பது முக்கியமாகக் கொழுப்பு. அதைக் கரைக்கும் வேலை அந்த உப்புத் தண்ணீருக்குத் தெரியாது. இன்னொரு விஷயம்: சாதாரண 5 சதவீத வினிகர் 250 மில்லி ஊற்றினால், அது ஏறக்குறைய 17 கிராம் சோடாவோடுதான் வினைபுரியும். அதாவது மூன்று நான்கு டீஸ்பூன். பலர் சொல்வதுபோல ஒரு கப் சோடாவைக் கொட்டியிருந்தால் மீதி அப்படியே பொடியாகக் கீழே இறங்கி, ஏற்கெனவே குறுகியிருக்கும் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். நிறைய தண்ணீர் ஓடினால் கரையும். தண்ணீர் ஓடாததுதானே இப்போது பிரச்சினை.

காஸ்டிக் போடாதது நல்ல முடிவு. காரணம் வெறும் பயம் இல்லை. முழு அடைப்பில் அது கீழே போகாமல் அடைப்பின் மேலேயே தேங்கி நிற்கும். அப்புறம் டிராப்பைக் கழற்ற வேண்டி வந்தால், அந்தக் கரைசல் முழுவதும் உங்கள் கையிலும் முகத்திலும்தான் கொட்டும். இனி நான் சொல்லும் எல்லா வழிகளும், குழாயில் அப்படி எதுவும் ஊற்றப்படவில்லை என்ற உறுதியின் பேரில்தான். வீட்டில் வேறு யாராவது ஊற்றியிருக்கலாம் என்றால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஊற்றியிருந்தால் பிளஞ்சரைத் தொடவே வேண்டாம். பிளம்பரைக் கூப்பிட்டு, என்ன ஊற்றியது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சரி, அடைப்பு எங்கே? வீட்டிலுள்ள மற்ற வடிகால்களைப் பாருங்கள். குளியலறைத் தரைவடிகாலிலும் தண்ணீர் நிற்கிறது, அல்லது சிங்கில் தண்ணீர் விட்டால் அங்கே பொங்குகிறது என்றால், அடைப்பு எல்லாம் ஒன்றுசேரும் பெரிய குழாயில் இருக்கிறது. அது இந்தப் பதிலின் எல்லைக்கு வெளியே. நீளமான இயந்திரக் கம்பியோடு ஆள் வர வேண்டிய வேலை அது. சிங்க் மட்டும்தான் மந்தம் என்றால், அடைப்பு சிங்கின் சொந்தக் குழாயில் இருக்கிறது.

அந்தச் சொந்தக் குழாயில் எவ்வளவு தூரத்தில் என்பதைக்கூட ஓரளவு கணக்கிடலாம். இரவு முழுவதும் சிங்கை உபயோகிக்காமல் விடுங்கள். மந்தமாக இறங்கும் குழாயானால், காலைக்குள் டிராப்பைத் தாண்டிய பகுதி வடிந்து காலியாகியிருக்கும். ஒரு லிட்டர் மக்கில் தண்ணீர் எடுத்து நிதானமாகவும் இல்லாமல் சிதறவும் விடாமல், வேகமாக ஊற்றிக்கொண்டே வாருங்கள். எத்தனையாவது மக்கில் தண்ணீர் சிங்குக்குள் ஏறி நிற்கிறது என்று எண்ணுங்கள். உள்விட்டம் 40 மில்லிமீட்டர் உள்ள குழாய் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர் கொள்ளும். 50 மில்லிமீட்டர் என்றால் இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. முதல் மக்கிலேயே ஏறிவிட்டால் அடைப்பு டிராப்பிலோ அதை ஒட்டியோ இருக்கிறது. மூன்று நான்கு மக் போன பிறகே ஏறுகிறது என்றால் அது சுவருக்குள் அல்லது அதற்கும் அப்பால். துல்லியமான அளவு இல்லை இது. ஊற்றும்போதே கொஞ்சம் கசிந்து போவதால் கணக்கு உண்மையான தூரத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். ஆனாலும் டிராப்பா, சுவருக்குள்ளா என்பதைப் பிரித்துச் சொல்ல இது போதும். எதைக் கையில் எடுப்பது என்பது அதைப் பொறுத்துத்தான்.

தண்ணீர் இன்னும் மெதுவாகவாவது இறங்குகிறது என்றால், கழற்றுவதற்கு முன் ஒருமுறை சுடுதண்ணீர் முயன்று பார்க்கலாம். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். சாதாரண பிவிசி குழாய் 60 டிகிரிக்கு மேல் இளக ஆரம்பிக்கும். அடைப்பு இருக்கும்போது கொதிநீர் ஓடிப் போகாமல் அங்கேயே நிற்பதால் இணைப்புகள் நெகிழ்ந்து கசிய வழியாகும். கை வைத்தால் ஒரு நொடிக்கு மேல் தாங்க முடியாத சூடு போதும். வெண்ணெய் 35 டிகிரி வாக்கில் உருகிவிடும், இறுகிய இறைச்சிக் கொழுப்புகூட 40 முதல் 50 டிகிரிக்குள் இளகும்.

செய்முறையில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். தேங்கி நிற்கும் குளிர்ந்த தண்ணீரின் மேலேயே சுடுதண்ணீரை ஊற்றினால், அடைப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும். முதலில் தேங்கியதை மக்கால் மொண்டு எடுத்துவிடுங்கள். பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு இரண்டு மேசைக்கரண்டி சிங்கின் வாயில் விட்டு, அதன் மேல் ஒரு லிட்டர் சுடுதண்ணீர் ஊற்றி பத்து நிமிடம் விடுங்கள். அப்புறம் வாயை அடைத்து, சிங்க் பாதி நிரம்பும் அளவு சுடுதண்ணீர் பிடித்து, ஒரே வீச்சில் திறந்துவிடுங்கள். குழாயைத் திறந்து வைத்து ஓடவிடும் மெல்லிய ஓட்டத்தைவிட, பத்துப் பன்னிரண்டு லிட்டர் ஒன்றாக இறங்கும்போது உண்டாகும் தள்ளுவிசை மிக அதிகம். அதுதான் இளகிய கொழுப்பை அடித்துக்கொண்டு போகும்.

இதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். புதிதாகப் படிந்த கொழுப்புக்குத்தான் இது உதவும். மாதக் கணக்கில் கிடக்கும் கொழுப்பு, தண்ணீரிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து ஒருவித இறுகிய சோப்பாக மாறிவிடுகிறது. விரலில் தேய்த்துப் பார்த்தால் மெழுகு மாதிரி நொறுங்கும். அது இந்தச் சூட்டுக்கு உருகாது. உருகுவதும் கொஞ்ச தூரம் போய், ஆறி, அங்கே மறுபடி படியலாம். அதனால் இரண்டு முறை செய்து பயன் தெரியாவிட்டால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது பிளஞ்சர். அடிப்பக்கம் தட்டையாக, கிண்ணம் கவிழ்த்தது போல இருப்பதுதான் சிங்குக்கு. உள்ளிருந்து ஒரு மடிப்பு நீட்டிக்கொண்டிருப்பது கழிப்பறைக்கானது, தட்டையான சிங்கில் சரியாக உட்காராது. பிளஞ்சர் வேலை செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: எங்கிருந்தோ காற்று போய் வருகிறது. சிங்கில் இரண்டு தொட்டி இருந்தால் இன்னொரு தொட்டியின் வாய் வழியாக, ஓரத்தில் அதிகநீர் போகும் துளை இருந்தால் அதன் வழியாக. அந்த இரண்டையும் நனைத்த துணியை நன்றாகத் திணித்து, ஒரு ஆளை விட்டு அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் குழாய் இதில் சேர்ந்திருந்தால் அதையும் கிளிப் போட்டு நெரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அழுக்குத் தண்ணீர் இயந்திரத்துக்குள் ஏறும்.

சிங்கில் பிளஞ்சரின் விளிம்பு மூழ்கும் அளவு தண்ணீர் இருக்கட்டும். பிளஞ்சரைச் சாய்த்து இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று குமிழாக வெளியேறும். காற்று மிஞ்சியிருந்தால் நீங்கள் அழுத்தும் விசையை அந்தக் காற்றே சுருங்கி வாங்கிக்கொள்ளும். தண்ணீர் சுருங்காது, விசை அப்படியே அடைப்புக்குப் போய்ச் சேரும். விளிம்பை எடுக்காமல் 15, 20 முறை மேலும் கீழும் ஆட்டுங்கள். கீழே அழுத்துவதைவிட மேலே இழுப்பதில் கவனம் வையுங்கள். அழுத்தம் மட்டும் கொடுத்தால் கட்டி இன்னும் இறுகும், மாறி மாறி இழுக்கும்போதுதான் அது இடம் பெயரும். பழுப்பு நிறத்தில் துணுக்குகள் மேலே மிதந்து வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். கடைசி இழுப்பில் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கும் சத்தம் கேட்கும், அந்தச் சத்தம் தனியாகத் தெரியும்.

முதல் மக்கிலேயே தண்ணீர் ஏறியது என்றால், நான் பிளஞ்சரோடு மல்லுக்கட்டாமல் நேராக டிராப்பைக் கழற்றிவிடுவேன். பலருக்கு இதுதான் பயம். ஆனால் எல்லாவற்றிலும் நிச்சயமான வழி இதுதான், அடைப்பைக் கண்ணால் பார்த்துவிடலாம். டிராப் என்பது சிங்குக்கு அடியில் வளைந்திருக்கும் பகுதி, அல்லது குப்பி வடிவத்தில் தொங்கும் பகுதி. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கழிவுக்குழாயின் நாற்றம் வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். அதே காரணத்தால் கனமான துகள்களும் அங்கேயே தங்கும்.

சிங்கிலுள்ள தண்ணீரை மொண்டு எடுத்துவிட்டு, அடியில் வாளி வையுங்கள். சிங்கின் குழாயில் ஒரு துணியைக் கட்டிவிடுவது நல்லது, பழக்கதோஷத்தில் யாராவது திறந்துவிடுவார்கள். பிளாஸ்டிக் நட்டுகளைக் கையாலேயே இடப்புறமாகத் திருகலாம். இறுகியிருந்தால் ரப்பர் கையுறையோ ஈரத்துணியோ பிடிமானம் தரும். பிளையர் போட்டு நெரித்தால் பழைய பிளாஸ்டிக் விரிசல் விடும். குப்பி வடிவ டிராப் என்றால் அடிக் கிண்ணத்தை மட்டும் திருகி எடுத்தால் போதும். கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் வாஷர் ஒருபக்கம் சரிவாகச் செதுக்கியது போல இருக்கும். எந்தப் பக்கம் பார்த்தபடி இருந்தது என்பது மாட்டும்போதுதான் மறந்துபோகும். சரிவான பக்கம், நட்டு எந்த இணைப்பில் ஏறுகிறதோ அதன் வாயைப் பார்த்திருக்க வேண்டும்.

உள்ளே கறுப்பும் சாம்பலும் கலந்த களி மாதிரி இருக்கும். காப்பித்தூள், அரிசிப் பருக்கை, சில நேரம் ஒரு டீஸ்பூன்கூட. அதை ஒரு தாளில் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, பாட்டில் பிரஷ்ஷால் தேய்த்து வேறொரு இடத்தில் கழுவுங்கள். இதில் ஒரு தவறு எல்லோரும் ஒருமுறையாவது செய்வது: டிராப்பைக் கழற்றிய கையோடு, நிரம்பிய வாளியை அதே சிங்கில் கவிழ்ப்பது. அடியில் குழாய் இல்லையே! நேராக அலமாரிக்குள் கொட்டும்.

டிராப் வெளியே இருக்கும்போதே சுவருக்குள் போகும் குழாயின் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். வாய் சுருங்கி, சுற்றிலும் மெழுகு அப்பியது போல இருந்தால் எட்டும்வரை பிரஷ் விட்டுச் சுரண்டுங்கள். திரும்ப மாட்டும்போது நட்டுகள் நேராக மரையில் ஏறுகிறதா என்று பார்த்து, கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று போதும். பிறகு சிங்கைப் பாதி நிரப்பித் திறந்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த டிஷ்யூ தாளால் சுற்றித் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் தாளில் ஈரமாகத் தெரியும்.

டிராப் சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் தண்ணீர் இறங்கவில்லை என்றால்? என் தங்கை வீட்டில் அப்படித்தான் ஆனது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவள் சிங்க் மந்தமாகும். பிளஞ்சர் போட்டால் சரியாகும், திரும்பவும் அடைக்கும். ஒருநாள் காலை நான் மக் கணக்கைச் செய்து பார்த்தேன். இரண்டு மக் தடையில்லாமல் போனது, மூன்றாவதில் ஏறி நின்றது. 40 மில்லிமீட்டர் குழாய், அதனால் ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டரை மீட்டருக்குள் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். டிராப்பைக் கழற்றினால் உள்ளே நிறம்கூட மாறவில்லை.

6 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்பிரிங் கம்பியைச் சுவர்க் குழாயின் வாய் வழியாக விட்டேன். டிராப் வழியாக விட முயல வேண்டாம், அந்த வளைவிலேயே பாதி பலம் போய்விடும். கைப்பிடியை வலப்புறமாகச் சுற்றிக்கொண்டே, ஒருமுறைக்கு ஒரு சாண் அளவு உள்ளே தள்ளவேண்டும். முழங்கை வளைவில் கம்பி முட்டும்போது கெட்டியாக, கல்லில் இடித்தது போல நிற்கும். அழுத்தாமல் சுற்றினால் சட்டென்று திரும்பிப் போய்விடும். அடைப்பில் முட்டுவது வேறு மாதிரி. களிமண்ணில் குச்சியைக் குத்துவது போல உள்வாங்கி, கையை மெல்லத் திருப்பித் தள்ளும். அந்த வேறுபாடு ஒருமுறை கைக்குப் பிடிபட்டால் மறக்காது. கம்பி அப்படி நின்ற இடத்தில் ஒரு டேப் ஒட்டி அடையாளம் வைத்தேன். சுற்றிச் சுற்றித் துளைத்து, அப்புறம் ஈரத்துணியால் பிடித்தபடி மெதுவாக இழுத்தபோது முனையில் கட்டை விரல் அளவு வெளுத்த கட்டி ஒன்று வந்தது. மூன்று முறை விட்டு எடுத்தேன். துளைத்ததோடு நிறுத்தினால் நடுவில் ஓட்டை மட்டும் விழும், ஓரத்தில் இருப்பதெல்லாம் அப்படியே இருந்து ஒரு வாரத்தில் மூடிக்கொள்ளும். அதனால் டிராப்பை மாட்டி, முன்பு சொன்னபடி சுடுதண்ணீரை நிரப்பி நான்கு முறை ஒரே வீச்சில் திறந்துவிட்டோம்.

டேப் ஒட்டிய இடம்வரை கம்பியை அளந்தால் ஒன்றே முக்கால் மீட்டர். அலமாரிகளுக்குப் பின்னால் படுக்கையாக ஓடும் குழாயில் அந்த இடம் எது என்று டார்ச் அடித்துத் தேடினேன். குழாயைச் சுவரில் பிடித்திருந்த கிளிப் உடைந்து, சரியாக அங்கேதான் குழாய் தொய்ந்து தொட்டில் மாதிரி இருந்தது. படுக்கைக் குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் சரிவோடு போக வேண்டும். இங்கே சரிவுக்குப் பதில் பள்ளம். ஒவ்வொரு முறையும் தண்ணீர் அங்கே தேங்கி ஆறும், அதில் வரும் கொழுப்பு மேலே மிதந்து குழாயின் கூரையில் ஒட்டும். பிளஞ்சர் போட்டபோதெல்லாம் அது விலகியது, திரும்ப அதே பள்ளத்தில் சேர்ந்தது. புதிதாக இரண்டு கிளிப் அடித்துக் குழாயைத் தூக்கிக் கட்டினோம். அதற்கப்புறம் அந்தச் சிங்க் அடைக்கவில்லை.

உங்கள் சிங்கும் சரியாகி, ஒன்றிரண்டு மாதத்தில் திரும்ப அடைத்தால், அதே இடத்தில்தான் அடைக்கிறதா என்று மக் கணக்கில் பாருங்கள். அதே இடம் என்றால் உங்கள் சமையலைக் குறை சொல்ல வேண்டாம், குழாயைப் பாருங்கள். தொய்வு ஒன்று. இன்னொன்று, டிராப்புக்குப் பதிலாகச் சிலர் மாட்டியிருக்கும் வரிவரியான வளையும் குழாய். அதன் ஒவ்வொரு மடிப்பும் கொழுப்பைப் பிடித்துவைக்கும், எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகப் போகாது. அதை எடுத்துவிட்டு உட்புறம் வழவழப்பான டிராப் மாட்டுவதுதான் தீர்வு.

கம்பி 5 மீட்டருக்கு மேல் போயும் எதிலும் முட்டவில்லை, அல்லது வெளியே வரும் கம்பியில் மண்ணோ வேரோ ஒட்டியிருக்கிறது என்றால் அங்கே நிறுத்திவிட்டுப் பிளம்பரைக் கூப்பிடுங்கள். தண்ணீர் இறங்கும்போது களக் களக் என்று சத்தம் வந்து, பிறகு நாற்றமும் வந்தால், அது வடிகாலுக்குக் காற்று விடும் குழாயில் இருக்கும் தடையாக இருக்கலாம். எதை ஊற்றினாலும் அதற்குப் பயன் இல்லை.

இப்போதைக்கு உங்கள் சிங்குக்கு: இன்று இரவு உபயோகிக்காமல் விடுங்கள், காலையில் மக்கை எடுத்து எண்ணுங்கள். எத்தனையாவது மக்கில் ஏறியது, கீழே இருப்பது எந்த வடிவ டிராப் என்று எழுதினால், அடுத்து எதைக் கழற்றுவது என்று சொல்கிறேன்.